ஆறு சின்னது, ஆறு நடுத்தரம், இரண்டு பெரியது: டேபிள் மாற்றிய பின் எப்படி ஓடுகிறது?

எங்கள் ஹோட்டலின் சாப்பாட்டு ஹாலில் 48 இருக்கைகள். முன்பு எல்லாமே நான்கு பேர் டேபிள், மொத்தம் 12. இப்போதும் 48 இருக்கைகள்தான், ஆனால் டேபிள் 14: இரண்டு பேருக்கு ஆறு, நான்கு பேருக்கு ஆறு, ஆறு பேருக்கு இரண்டு. இந்த அமைப்பில் இரண்டு வருடங்களுக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. புதிதாக ஹால் போடுகிறவர்களுக்கும், கூட்ட நேரத்தில் திண்டாடுகிறவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

பழைய அமைப்பின் பிரச்சினை கண்ணுக்கு நேராகத் தெரியாது. 12 டேபிளிலும் ஆள் இருக்கும், வாசலில் நாலைந்து குழு நிற்கும், பார்க்கிறவர்களுக்கு ஹால் நிறைந்த மாதிரி இருக்கும். நாற்காலிகளை எண்ணினால்தான் மூன்றில் ஒன்று சும்மா இருப்பது புரியும். நான்கு பேர் டேபிளில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால், மீதி இரண்டு நாற்காலியில் பையும் ஹெல்மெட்டும்தான் உட்காரும்.

சரியான கலவையைக் கண்டுபிடிக்க, வருகிற குழுக்களின் அளவு தெரிய வேண்டும். இதைப் பில்லிலிருந்து எடுக்கலாம் என்று எல்லாரும் நினைப்பார்கள். எடுக்கக் கூடாது. உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் மட்டுமே பில்லில் இருப்பார்கள். ஆறு பேராக வந்து, இரண்டு டேபிள் சேர்ந்தாற்போல் காலியில்லை என்று திரும்பிப் போன குடும்பம் அதில் இருக்காது. அதனால் வாசலில் ஒருவரை நிறுத்தி, கூட்ட நேரத்தில் வருகிற ஒவ்வொரு குழுவையும், போய்விட்டவர்களையும் சேர்த்துக் குறிக்கச் சொன்னோம்.

எங்களுக்கு வந்த கணக்கு, 20 குழுவுக்கு இப்படி: தனியாக அல்லது இருவராக வருவோர் 11 குழு, மூவர் அல்லது நால்வர் 7 குழு, ஐந்தாறு பேர் 2 குழு. தலைகள் சுமார் 57. பழைய ஹாலில் பெரிய குழுவுக்கு இரண்டு டேபிள் போய்விடும். ஆக 20 குழுவுக்கு 22 டேபிள், அதாவது 88 இருக்கை வேண்டும். 88 இருக்கையில் 57 பேர். ஹால் நிறைந்திருந்தும் நாற்காலி காலியாகக் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

அடுத்ததாக, 11, 7, 2 என்ற விகிதத்திலேயே டேபிளையும் போட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நேரம் குறுக்கே வருகிறது. உட்கார்ந்ததிலிருந்து, அவர்கள் எழுந்து, டேபிள் துடைத்து, அடுத்தவர் உட்காரத் தயாராகும் வரை எங்கள் ஹாலில் சின்னக் குழுவுக்குச் சுமார் 40 நிமிடம், நால்வருக்கு 55, ஆறு பேருக்கு 75. பெரிய குழு எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் நேரம் அதிகம். எனவே குழு எண்ணிக்கையை நிமிடத்தால் பெருக்க வேண்டும்: 11 × 40 = 440, 7 × 55 = 385, 2 × 75 = 150. டேபிள்கள் இந்த விகிதத்தில் இருக்க வேண்டும். 48 இருக்கைக்குள் அடக்கினால் ஏறக்குறைய 6, 6, 2 வருகிறது. நேரத்தைச் சேர்க்காமல் போட்டிருந்தால் சின்ன டேபிள் எட்டு ஒன்பது வந்திருக்கும். பெரிய டேபிள் ஒன்றோ ஒன்றரையோதான் கிடைத்திருக்கும், குடும்பங்கள் வாசலிலேயே நின்றிருக்கும்.

பேப்பர் கணக்கில் இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு முன்பு 25 குழு, இப்போது 32 குழு. நடைமுறையில் அந்த ஏழில் பாதிதான் கிடைக்கிறது. எல்லாரும் கணக்கு வைத்தா வருகிறார்கள்? சின்ன டேபிள் நிறைந்திருக்கும்போது இன்னும் இரண்டு பேர் வந்தால், பக்கத்தில் நான்கு பேர் டேபிள் காலியாக இருந்தால், உட்கார வைத்துத்தான் ஆக வேண்டும். பின்னால் நால்வர் நின்றால் மட்டும் இரண்டு பேரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறோம்.

இனி இடம். இருக்கை எண்ணிக்கை அதே என்றாலும் சின்ன டேபிள் அதிகத் தரை கேட்கும், ஏனென்றால் ஒவ்வொரு டேபிளுக்கும் ஓர் இடைவெளி வேண்டும். அதைச் சுவர் ஓரமாக நீளப் பெஞ்ச் போட்டுச் சமாளித்தோம். 60க்கு 75 சென்டிமீட்டர் டேபிள் ஆறு, நடுவில் 30 சென்டிமீட்டர் இடைவெளி, மொத்தம் 510 சென்டிமீட்டர். 30க்குக் கீழே போனால் உள்ளே நுழைகிறவரின் சட்டை பக்கத்து டேபிள் டம்ளரைத் தட்டிவிடும். 60க்கு 60 டேபிள் மலிவாகவும் அழகாகவும் இருக்கும், வாங்காதீர்கள். இரண்டு தட்டு வைத்ததும் பக்கப் பாத்திரங்களுக்கு இடமில்லாமல், சப்ளையர் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

சேர்த்துப் பிரிக்கிற டேபிள் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அளவோடு வைத்தால் நல்லது. எங்கள் இரண்டு பெரிய டேபிளில் ஒன்று, 60க்கு 75 மூன்று சேர்ந்தது. கூட்டம் குறைந்த வேளையில் அதை ஒரு நால்வர் டேபிளும் ஓர் இருவர் டேபிளுமாகப் பிரித்துவிடுவோம். ஆனால் இந்த முடிவைக் கூட்டம் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். கூட்டத்தின் நடுவில் ஆறு பேர் வந்து நிற்க, ஒரு டேபிள் காலியாகிவிட்டது, பக்கத்து டேபிள் இன்னும் சாப்பிடுகிறது என்று வையுங்கள். காலியான டேபிளைப் பிடித்து வைத்துக் காத்திருக்கும் அந்தப் பதினைந்து நிமிடம் சுத்த நஷ்டம். 2002இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது: சின்ன ஹாலில் சேர்க்கும் டேபிளால் ஓரளவு பயன் உண்டு, பெரிய ஹாலில் தனித்தனி அளவு டேபிளே நல்லது. இன்னொரு விஷயம், நான்கு மூலையிலும் கால் உள்ள டேபிளைச் சேர்த்தால் நடுவில் உட்காருபவர் முழங்கால் இடிபடும். நடுவில் ஒற்றைத் தூண் வைத்த டேபிள் வாங்குங்கள். அடியில் திருகி உயரத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் சேர்ந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி நிற்கும்.

நாங்கள் எதிர்பாராதது கிச்சன். மாற்றிய புதிதில் டேபிள் நேரம் குறையாமல் கூடியது. காரணம், ஒரே நேரத்தில் உள்ளே போகும் ஆர்டர் சீட்டு அதிகமாகிவிட்டது. முன்பு 12 டேபிளில் வந்த சீட்டு இப்போது 14இல் வருகிறது, அதுவும் சின்ன டேபிள் சீக்கிரம் திரும்புவதால் அடிக்கடி வருகிறது. "அண்ணே, உட்கார வைக்கிற வேகத்துக்கு உள்ளேயிருந்து சாப்பாடு வரவில்லை" என்று சப்ளையர் ஒருவர் சொன்ன பிறகுதான் கவனித்தோம். இது உங்கள் கடையிலும் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஆர்டர் போன நேரத்தையும் சாப்பாடு வந்த நேரத்தையும் மட்டும் பாருங்கள். அந்த இடைவெளி கூடியிருந்தால் டேபிளை எப்படி மாற்றினாலும் பலனில்லை. வாசலிலிருந்து எல்லாரையும் ஒரே மூச்சில் உள்ளே விடாமல், சில நிமிட இடைவெளியில் உட்கார வைத்ததும் அது சரியாகிவிட்டது.

சாப்பிடுகிற நேரத்தில் கை வைக்கக் கூடாது, அதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டோம். குறைக்க முடிந்தது இரண்டு இடத்தில்: பில் கேட்டதிலிருந்து பணம் கட்டி முடிக்கும் வரை, எழுந்து போனதிலிருந்து டேபிள் துடைக்கும் வரை. இரண்டாவதை யாரும் அளப்பதில்லை, ஏனென்றால் மெஷினில் பில் முடிந்ததும் டேபிள் காலி என்று காட்டிவிடும், ஆனால் எச்சில் தட்டு அங்கேயே இருக்கும். துடைப்பதற்கென்று கூட்ட நேரத்தில் ஒருவரைத் தனியாக விட்டதில், ஆள் செலவு போகவும் லாபம்தான்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. பெஞ்ச் வரிசையின் கடைசி டேபிள் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடம் காட்டினால் பாதிப் பேர் "வேற இருக்கா?" என்கிறார்கள். நடுவில் ஒரு தடுப்பு வைத்துப் பார்க்கப் போகிறோம், அதற்கும் மசியவில்லை என்றால் அந்த டேபிளை எடுத்துவிட்டு, பார்சலுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிடுவதாக இருக்கிறோம்.