வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம்: ஒரு முதல் பத்தியின் மூன்று வடிவங்கள்

கலைக்களஞ்சியக் கட்டுரையின் முதல் இரண்டு வாக்கியங்களிலேயே என்ன, எப்போது, எங்கே, யார் என்ற நான்கிற்கும் விடை இருக்க வேண்டும் என்பதில் பெரும்பாலான பதிப்பாசிரியர்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதை எப்படி எழுதுவது என்பதில்தான் வேறுபாடு. ஒரே நிகழ்வுக்கு எழுதப்படக்கூடிய மூன்று தொடக்கங்களை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதல் வடிவம், நம் பள்ளிக் கட்டுரைகளில் பழகியது:

"ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பின் மீது விதிக்கப்பட்ட வரி ஏழை எளிய மக்களைப் பெரிதும் வாட்டியது. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் தண்டிக்கு மேற்கொண்ட நடைப்பயணம் நாடெங்கும் எழுச்சியை உண்டாக்கியது."

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு வாக்கியங்கள் முடிந்தும் வேதாரண்யம் வரவில்லை. இராஜாஜியும் ஆண்டும் வரவில்லை. இப்பத்தியை மாற்றமின்றி வேறு எந்த ஊரின் உப்புப் போராட்டத்திற்கும் முன்னுரையாக வைத்துவிடலாம் என்பதே இதன் குறையைக் காட்டிவிடுகிறது.

இரண்டாம் வடிவம் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்க முயல்கிறது:

"உப்பு வரியை எதிர்த்து 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சட்டத்தை மீறிய போராட்டமே வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம் ஆகும்."

நான்கு விடைகளும் உள்ளன. ஆயினும் படிப்பவர் களைத்துப்போகிறார். தமிழில் அடைமொழிகளும் எச்சங்களும் தாம் தழுவும் சொல்லுக்கு முன்னால் வருவதால், எந்த நிகழ்வைப் பற்றிய கட்டுரை என்பதை அறிய வாக்கியத்தின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலச் செய்தித்தாள்களின் நீண்ட முதல் வாக்கியத்தை அப்படியே பின்பற்றினால் நமக்கு இடறுவது இங்கேதான். அங்கே முதன்மை வினை முன்பே வந்துவிடுகிறது, விவரங்கள் அதன் பின்னால் வருகின்றன.

இதைவிடப் பெரிய சிக்கல் தேதியில் இருக்கிறது. ஏப்ரல் 13 பயணம் தொடங்கிய நாள். வேதாரண்யத்தை அடைந்தது 28 அன்று. சட்டத்தை மீறியது 30 அன்று. மேற்கண்ட வாக்கியத்தை இன்னொருவர் சுருக்கும்போது 'திருச்சியிலிருந்து புறப்பட்ட' என்ற தொடர் எளிதில் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது "1930 ஏப்ரல் 13 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளினர்" என்ற பொய். ஒரு தேதி எந்த வினைக்கு உரியதோ அந்த வினைக்கு அருகில், அதே வாக்கியத்தில் நின்றால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

மூன்றாம் வடிவம் சுமையை இரண்டாகப் பிரிக்கிறது:

"வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம் என்பது, உப்பு வரியை எதிர்த்து 1930 ஏப்ரலில் சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் தலைமையில் நடந்த சட்டமறுப்புப் போராட்டம். ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடந்து புறப்பட்ட தொண்டர்கள் 28 அன்று வேதாரண்யத்தை அடைந்தனர். 30 அன்று இராஜாஜி அங்கே உப்புச் சட்டத்தை மீறிக் கைதானார்."

முதல் வாக்கியம் பெயரில் தொடங்கி 'போராட்டம்' என்ற பெயர்ச்சொல்லிலேயே முடிகிறது. நான்கு விடைகளும் அதில் மேலோட்டமாக வந்துவிடுகின்றன. 'எப்போது', 'எங்கே' ஆகிய இரண்டின் நுட்பத்தை அடுத்த இரண்டு வாக்கியங்கள் ஏற்கின்றன. நான் தேர்ந்தெடுப்பது இதையே. 'என்பது' சற்றுப் பாடநூல் வாடை வீசுகிறது என்று சிலர் குறை சொல்வர். அதை எடுத்துவிட்டு எழுதினாலும் அமைப்பு கெடாது.

இவ்வடிவத்திலும் எதை விடுவது என்ற முடிவு தேவைப்படுகிறது. தொண்டர்களின் எண்ணிக்கை நூறு என்றும் நூற்றைம்பது என்றும் நூலுக்கு நூல் மாறுபடுகிறது. அத்தகைய எண்ணை விளக்கத்தோடு பின்னால் தரலாமே தவிர, விளக்க இடமில்லாத முதல் வாக்கியத்தில் வைப்பது தவறு. வேதாரண்யம் இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருப்பதால் தஞ்சாவூர் என்று மட்டும் எழுதினால் குழப்பம் வரும்; 'சென்னை மாகாணம்' என்றால் அக்காலத்துக்குச் சரியாக இருக்கும், மாவட்ட விவரம் நான்காம் வாக்கியத்துக்குப் போகும். முதல் வடிவத்தில் வந்த தண்டிப் பயணத்துக்கும் அங்கேயே இடம் இருக்கிறது.

'யார்' என்பதற்கு விடை அளவாக இருக்க வேண்டும். போராட்டத்துக்கு வேதாரண்யத்தில் துணை நின்ற வேதரத்தினம் பிள்ளையையும், நடைப்பயணிகளுக்கு உணவும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று எச்சரித்த தஞ்சை ஆட்சியர் தோர்னையும் முன்னுக்குக் கொண்டுவரும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் வாக்கியத்தின் முதன்மை வினையைச் செய்தவர் இராஜாஜி. மற்ற இருவரும் இரண்டாம் பத்தியில், அவரவர் செய்ததோடு சேர்ந்து வருவதே பொருந்தும்.