ஆறு கோரா, எட்டு லேனா? காரைக்குடியில் இருந்து வந்த இரண்டு கொட்டேஷன்

காரைக்குடியில் இருக்கும் அக்கா மகன் கேமிங் பிசி போட இரண்டு கொட்டேஷன் வாங்கி அனுப்பியிருந்தான். முதலாவதில் ரைசன் 5 5500, 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, கேள்விப்படாத பெயரில் ஒரு 450 வாட் பவர் சப்ளை. இரண்டாவதில் ஐ3-12100எஃப், ஆர்எக்ஸ் 6600, 550 வாட் ப்ரான்ஸ் சப்ளை. "மாமா, முதல்ல உள்ளதுல ஆறு கோர், விலையும் கம்மி. அதையே எடுத்துரவா?" என்றான்.

வேண்டாம் என்றேன். 6500 எக்ஸ்டி மதர்போர்டோடு நான்கு லேன்களில், அதாவது நான்கு டேட்டா பாதைகளில் மட்டுமே பேசும். அந்தப் பாதைக்கு பிசிஐஇ 4.0 தலைமுறை கிடைத்தால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். 5500 ப்ராசசரோ 3.0 வரைதான் தரும், அதனால் வேகம் பாதியாகிவிடும். புது கேம்களில் டெக்ஸ்சரை 'ஹை'யில் வைத்தால் கார்டின் 4 ஜிபி நிரம்பிப்போகும். மீதி டேட்டா அந்த ஒடுங்கிய பாதை வழியாகத்தான் ரேமுக்குப் போய் வர வேண்டும். சராசரி எஃப்பிஎஸ் பரவாயில்லை என்று காட்டும், ஆனால் கேமராவைச் சட்டென்று திருப்பினால் படம் திக்கும். எத்தனை கோர் இருந்தாலும் இது தீராது.

6600 கார்டில் எட்டு லேன், 8 ஜிபி மெமரி. 12100எஃப் நான்கு கோர்தான் என்றாலும் 4.0 தருகிறது, 1080பி விளையாட்டுக்குப் போதும். விளையாடிக்கொண்டே ஸ்ட்ரீம் பண்ணுவான் என்றால் மட்டும் ஆறு கோர் பக்கம் போவேன். அப்போதும் 6600-ஐ விடமாட்டேன், அது 5500-இல் மாட்டினாலும் அவ்வளவாக இழக்காது. இந்த லேன் கணக்கு சரியா என்று GPU-Z மென்பொருளில் 'Bus Interface' வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் பவர் சப்ளை. அந்த 450 வாட் பெட்டியின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 12 வோல்ட் வரியில் 18 ஆம்பியர் என்றிருந்தது, அதாவது 216 வாட். ப்ராசசரும் கார்டும் மின்சாரம் எடுப்பது இந்த வரியில் இருந்துதான். 5500 முழு வேகத்தில் 76 வாட், 6500 எக்ஸ்டி 107, மதர்போர்டு, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 233. மலிவான முதல் கொட்டேஷனுக்கே அந்தச் சப்ளை பத்தாது! டெஸ்க்டாப்பில் ஒன்றும் தெரியாது. கேமில் பெரிய சண்டை வரும் நேரத்தில் பொசுக்கென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகும், ஈவென்ட் வியூவரில் 'Kernel-Power 41' நிற்கும். பலர் இதைக் கார்டின் கோளாறு என்று நினைத்து அலைகிறார்கள்.

இரண்டாவது செட்டுக்கு 89, 132, 50 என்று 271 வாட் ஆகிறது. நல்ல 550 வாட் சப்ளை 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாமல் தரும், அதனால் பாதியை ஒட்டிய சுமைதான். சித்திரை வெயிலிலும் அதிகம் சூடாகாது. 6600 கேட்கும் எட்டு பின் கேபிளும் அதிலேயே வரும், மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்ற வேண்டியதில்லை.

பணம் இடிக்கிறது என்றான். 1 டிபி எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆக்கிக்கொள், சப்ளையில் மட்டும் கை வைக்காதே என்றேன்.