பொம்மை நிறுவனத்துக்கு ஒரு கடிதம்: நிறத்தை மட்டும் கேட்பதா, முகத்தையும் கேட்பதா?

எங்கள் மழலையர் பள்ளியின் விளையாட்டு அறையில் பதினான்கு குழந்தைப் பொம்மைகள் இருக்கின்றன. அவற்றில் பன்னிரண்டு வெளிர் ரோஜா நிறம், இரண்டு மட்டும் பழுப்பு. அந்தப் பழுப்புப் பொம்மைகளில் ஒன்றின் மூக்கு நுனியில் சாயம் உரிந்து, அடியிலிருக்கும் அதே ரோஜா நிற வினைல் மிளகளவு தெரிகிறது. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி அதை என்னிடம் கொண்டுவந்து, "மிஸ், இதுவும் உள்ளே சிவப்புதான்" என்றாள். அன்று மாலையே பெற்றோர் சிலரும் ஆசிரியர்களும் கூடி, பொம்மையைச் செய்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுத முடிவு செய்தோம். ஒரு வாரத்தில் இரண்டு வரைவுகள் தயாராயின. முதல் வரைவு, இப்போதுள்ள அச்சிலேயே பல நிறங்களில் பொம்மை வார்க்குமாறு கேட்டது. இரண்டாவது, நம் குழந்தைகளின் முகவெட்டும் தலைமுடியும் கொண்ட புதிய தலை அச்சையே செய்யுமாறு கேட்டது. எதை அனுப்புவது என்று பார்த்தபோது கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் வரைவின் பலம், அதை நிறுவனத்தால் உடனே செய்ய முடியும் என்பதுதான். வினைல் பொம்மையின் தலையை, கூழாக இருக்கும் பிவிசியை உலோக அச்சில் ஊற்றி, அதைச் சுழற்றிச் சூடேற்றி வார்க்கிறார்கள். நிறமியை அந்தக் கூழிலேயே கலக்க முடியும் என்பதால், நிறத்தை மாற்றப் புதிய அச்சு தேவையில்லை. பழுப்பு நிறங்களுக்குப் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமிகளே போதும். ஆனால் பல பொம்மைகளில் உடல் வேறு, கெட்டியான பிளாஸ்டிக்கில் தனியாக வார்க்கப்படுகிறது. இரண்டு பொருள்களும் நிறத்தை ஒரே மாதிரி ஏற்பதில்லை. கடை விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் முகமும் கையும், சன்னலோர வெயிலில் பார்த்தால் இரண்டு மனிதர்களுடையவை போலப் பிரிந்துவிடும். வாங்குவோர் இதைக் கண்டுபிடிக்கச் செய்யவேண்டியது, பொம்மையை வெயிலிலும் டியூப்லைட்டிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான்.

முதல் வரைவின் பலவீனம் வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. பார்பி பொம்மையைச் செய்யும் அமெரிக்க நிறுவனமான மேட்டல் 1967இல், தன் ஃபிரான்சி என்னும் பொம்மையை அதே தலை அச்சில், பழுப்பு நிறமி கலந்து வார்த்து, கறுப்பின ஃபிரான்சி என்று விற்றது. முகவெட்டு வெள்ளைக்காரப் பெண்ணினுடையதாகவே இருந்தது. விற்பனையும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. அது தோற்றதற்கு முகம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "நிறத்தை மட்டும் மாற்றுங்கள்" என்று ஒற்றை வரியில் கேட்டால் நமக்குக் கிடைப்பது இன்னொரு ஃபிரான்சிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாவது வரைவுக்கு ஆதரவாக நாங்கள் பார்த்த பழைய உதாரணம் இன்னும் நெருக்கமானது. ஃபுளோரிடாவின் பெல் கிளேடு ஊரைச் சேர்ந்த சாரா லீ கிரீச் என்னும் பெண்மணி, 1948இல் கறுப்பினச் சிறுமிகள் வெள்ளைப் பொம்மைகளோடு விளையாடுவதைக் கண்டு, கறுப்பினக் குழந்தைகளின் புகைப்படங்களையும் தலை அளவுகளையும் திரட்டி, சிற்பி ஒருவரைக் கொண்டு தலைகளை வடிக்கச் செய்தார். ஐடியல் என்னும் பொம்மை நிறுவனம் 1951இல் அந்தப் பொம்மையை வெளியிட்டது. நிறம் எதுவாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்யவே, மறைந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் ஒரு தேநீர் விருந்துக்கு ஏற்பாடு செய்தார். இத்தனை அக்கறையோடு செய்த பொம்மை சந்தையில் நீடிக்கவில்லை. அதன் சாயம் கசிந்து உடையில் கறை பிடித்தது என்பது அதன் குறைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. முகம் சரியாக அமைந்தும் நிறமி கைவிட்ட கதை அது.

முகமும் நிறமும் சேர்ந்து வந்ததற்கு, மேட்டல் 1991இல் வெளியிட்ட ஷானி வரிசையைச் சொல்லலாம். ஷானி, ஆஷா, நிஷெல் என்ற மூன்று பொம்மைகள், மூன்று வெவ்வேறு பழுப்புகளில், வெள்ளைப் பொம்மையிலிருந்து வேறுபட்ட முக அமைப்போடு வந்தன. ஆனால் மேட்டலுக்கு எளிதாக முடிவது, எங்கள் பொம்மையைச் செய்யும் சிறிய நிறுவனத்துக்கு எளிதல்ல. தலையைச் சிற்பமாக வடித்து, அதிலிருந்து மின்முலாம் முறையில் உலோக அச்சுகள் எடுத்து, சுருள்முடி தைக்கும் முறையையும் மாற்றவேண்டும். முதல் கடிதத்திலேயே இதைக் கேட்டால் "பரிசீலிக்கிறோம்" என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும் என்று ஒரு தந்தை சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

இன்னொரு யோசனையும் வந்தது. லெகோ கட்டைகளோடு வரும் சின்ன மனித உருவங்களைப் போல யாருக்கும் சொந்தமில்லாத மஞ்சளைக் கேட்டால் என்ன என்றார் ஒருவர். 1978இல் மஞ்சளாகத் தொடங்கிய லெகோவே, 2003இல் நிஜ மனிதர்களை ஒத்த உருவங்களைச் செய்தபோது தோல் நிறங்களுக்கு வந்துவிட்டது. மூக்கும் கன்னமும் உள்ள குழந்தைப் பொம்மைக்கு மஞ்சள் பொருந்தாது என்று அதை விட்டுவிட்டோம்.

இரண்டு வரைவுகளிலும் ஒரே தவறு இருந்தது. இரண்டுமே "மாநிறம்" என்று எழுதியிருந்தன. வரன் விளம்பரத்தில் மாநிறம் எவ்வளவு தூரம் நீளும் என்பது நமக்குத் தெரியும். நிறமி கலப்பவர் அதைக் கோதுமையாகவும் எடுத்துக்கொள்வார், புளியாகவும் எடுத்துக்கொள்வார். ஆகவே சொல்லுக்குப் பதிலாக எண்ணைக் கொடுத்தோம். தோல் நிறத்துக்கான ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் ஆறு வகைகள்தான் உண்டு, அதுவும் வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதற்காக உருவானது. சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துப் படி அளவுகோல் எங்களுக்கு மேலும் பொருத்தமாக இருந்தது. அதன் படிகளைக் குழந்தைகளின் முன்கையோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு 5, 6, 8 என்று குறித்தோம். எங்கள் வகுப்பின் பெரும்பாலான குழந்தைகள் அதற்குள் அடங்கினார்கள். கொலுவில் வைக்கும் செம்மரத்து மரப்பாச்சியும் எட்டுக்கு அருகில்தான் வந்தது. நம் பாட்டிமார் அந்தக் கருஞ்சிவப்புப் பொம்மையைத்தான் இடுப்பில் வைத்து விளையாடினார்கள்.

கடைசியில் முதல் வரைவையே அனுப்பினோம், ஆனால் இரண்டாவதன் சாரத்தை அதற்குள் வைத்தோம். அதன் நடுப்பகுதி இது:

"மேற்குறித்த மூன்று நிறங்களிலும், நிறமியை வினைலிலேயே கலந்து வார்க்க வேண்டுகிறோம், மேற்பூச்சு வேண்டாம். உதடு, புருவம், கன்னம் ஆகியவற்றின் சாயத்தை ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே கலக்கவேண்டும். ரோஜா நிறப் பொம்மையின் உதட்டுச் சாயம் பழுப்பு முகத்தில் வெளிறித் தெரிகிறது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் கறை படியக்கூடாது. புதிய நிறமிகளுக்கும் பொம்மைப் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலை IS 9873இன் மூன்றாம் பகுதிப்படி சோதனைச் சான்று வேண்டும். விலையும் உடையும் எல்லா நிறத்துக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று நிறங்களும் சம எண்ணிக்கையில் வரவேண்டும். இப்போதைய தலை அச்சு தேய்ந்து மாற்றவேண்டிய காலம் வரும்போது, புதிய அச்சை இங்குள்ள குழந்தைகளின் முகத்தைப் பார்த்து வடிக்குமாறும், அதற்கான புகைப்படங்களையும் அளவுகளையும் பெற்றோர் இசைவோடு நாங்களே தருவோம் என்றும் தெரிவித்துக்கொள்கிறோம்."

அச்சு பற்றிய அந்த இறுதி வேண்டுகோளைச் சிலர் பலவீனம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அச்சு எப்படியும் ஒருநாள் தேயும், அன்று அவர்கள் செலவழிக்கத்தான் வேண்டும், அந்தச் செலவு எந்த முகத்துக்குப் போகவேண்டும் என்பதை மட்டுமே நாங்கள் கேட்கிறோம். எண் குறித்த நிற அட்டையையும், மூக்கு உரிந்த அந்தப் பொம்மையையும் கடிதத்தோடு ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பியிருக்கிறோம்.