புதியது என்று விற்ற 9 வருடப் பழைய டயர், 100 கிலோமீட்டர் வேகத்தில் வெடித்தது

டயர் மாற்றப் போகிறவர்களும் சமீபத்தில் மாற்றியவர்களும் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த கதையும், டயர் வெடித்த அந்த அரை நிமிடத்தில் என்ன செய்தோம் என்பதும் இதில் இருக்கின்றன.

2024 மே மாதம் காரின் பின்பக்க டயர்கள் இரண்டையும் மாற்றினேன். 'புது டயர் சார், இப்பதான் வந்தது' என்று கடைக்காரர் சொன்னார். கறுப்பாகப் பளபளவென்று இருந்தன. நானும் வேறு எதையும் பார்க்கவில்லை. சரியாக நான்கு மாதம் கழித்து, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது இடது பின் டயர் வெடித்தது. வண்டியில் நான், மனைவி, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள்.

வெடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பிருந்தே பின்னாலிருந்து 'தட் தட் தட்' என்று சீரான ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேகம் கூட்டினால் சத்தமும் வேகமாகும், குறைத்தால் குறையும். ரோடு சரியில்லை போல என்று விட்டுவிட்டேன். அது தவறு. ரோடு காரணமாக இருந்தால் தளம் மாறியதும் சத்தமும் மாற வேண்டும். சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறையும் சத்தம் சக்கரத்திலிருந்து வருவது. மேல்ரப்பர் உள்ளே இருக்கும் கம்பி அடுக்கிலிருந்து பிரிந்து ஓரிடத்தில் புடைத்துக்கொண்டால் இப்படித்தான் கேட்கும். அப்போதே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டியிருந்தால் வெடிப்பே நடந்திருக்காது.

வெடித்தபோது துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம். அடுத்த நொடியே வண்டியின் பின்பகுதி யாரோ பிடித்து இழுத்தது போலப் பக்கவாட்டில் ஆடியது. 'என்னங்க, பிரேக் போடுங்க!' என்று மனைவி கத்தினாள். என் காலும் பிரேக்குக்குத்தான் போகப் பார்த்தது. போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் என் சித்தப்பா. பல வருடம் லாரி ஓட்டியவர். எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தபோதே, 'டயர் போச்சுன்னா முதல்ல கைதான் வேலை செய்யணும், காலு சும்மா இருக்கணும்' என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

காலை ஏன் சும்மா வைத்திருக்க வேண்டும் என்றால், பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன. வெடித்த டயருக்கு ஏற்கெனவே பிடிமானம் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரு பின் டயரின் பிடியையும் நாமே குறைத்துவிட்டால் பின்பகுதி வீசிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். வண்டி சுழல்வதும் உருள்வதும் பெரும்பாலும் இப்படித்தான். வெடிப்பை விட, வெடித்த பயத்தில் மிதிக்கும் பிரேக்கும் வெடுக்கென்று திருப்பும் ஸ்டீயரிங்கும்தான் அதிக ஆபத்து.

ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தேன். பின்பகுதி ஆடும்போது அதை நேராக்கத் தேவையான அளவு மட்டும் சின்னச் சின்னதாகத் திருப்பினேன். பெரிதாக ஒடித்தால் ஆட்டம் அடங்காது, எதிர்ப்பக்கம் இன்னும் பலமாக வீசும். பார்வையைத் தூரத்தில், வண்டி போக வேண்டிய பாதையிலேயே வைத்திருந்தேன். ஓரத்துத் தடுப்பைப் பார்த்தால் கையும் அந்தப் பக்கமே போகும்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்தும் காலைச் சட்டென்று எடுக்கவில்லை. கேட்பவர்களுக்கு இதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. காற்று போன டயர் வண்டியை ஒரு பக்கமாகப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த நேரத்தில் காலை முழுதாக எடுத்தால் இன்ஜினும் சேர்ந்து இழுக்கும், எடை மறுபடியும் முன்னால் சாயும். இருந்த அளவிலேயே, வேண்டுமானால் ஒரு மயிரிழை கூடுதலாக, ஆக்ஸிலரேட்டரை வைத்திருந்தால் வண்டி நேராகப் போக அது உதவும். வேகத்தைக் கூட்டுவதற்காக இதைச் செய்வதில்லை. டயரின் இழுப்பாலேயே வண்டி வேகம் குறைந்துகொண்டுதான் வரும். இரண்டு, மூன்று நொடியில் ஆட்டம் அடங்கி, வண்டி கைக்குள் வந்துவிட்டது தெரிந்தது. அதன்பிறகே காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். கியரில் கை வைக்கவில்லை. வேகத்தைச் சீக்கிரம் குறைக்கலாம் என்று கியரை இறக்கினாலும் சக்கரங்களுக்கு அதே அதிர்ச்சிதான்.

க்ரூஸ் கண்ட்ரோல் போட்டு ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். அதைப் பிரேக்கை மிதித்து நிறுத்துவதே பலருக்கும் பழக்கம். இந்த மாதிரி நேரத்தில் ஸ்டீயரிங்கில் உள்ள பட்டனை அழுத்தி நிறுத்த வேண்டும். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று இப்போதே விரலுக்குப் பழக்கிவையுங்கள்.

100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். வண்டி தானாக வேகம் குறைந்து 50க்கு வரும்வரை நெடுந்தூரம் ஓடியது. முன்னால் போன வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டிருந்ததால்தான் இப்படி ஓடவிட முடிந்தது. முன்னால் தடை மிக அருகில் இருந்தால் வேறு வழியில்லை, பிரேக் போட்டுத்தான் ஆக வேண்டும். அப்போதும் ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

50க்குக் கீழே வந்ததும் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, மெதுவாகச் சாலையோரத்துக்குச் சாய்த்தேன். கடைசியில் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் பிரேக்கை மெல்லத் தொட்டேன். ரிம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. அதற்குப் பயந்து சாலை நடுவிலோ வளைவிலோ நிறுத்திவிடாதீர்கள். ரிம் போனால் போகட்டும், சமமான, அகலமான ஓரம் வரும்வரை ஊர்ந்து போகலாம். நின்றதும் ஹசார்ட் லைட்டைப் போட்டு, போக்குவரத்து இல்லாத பக்கக் கதவு வழியாக எல்லோரையும் இறக்கி, தடுப்புக்கு அப்பால் நிற்கவைத்தேன்.

முன் டயர் வெடித்திருந்தால் வண்டி வேறு மாதிரி நடந்திருக்கும். வெடித்த பக்கமாக ஸ்டீயரிங் பலமாக இழுக்கும், திருப்பக் கனமாக இருக்கும். இழுப்பு ஸ்டீயரிங்கிலேயே தெரிவதால் சமாளிக்கக் கொஞ்சம் வழி உண்டு. பின் டயர் போனால் அந்த உணர்வு கைக்கு வராது, இருக்கையில்தான் தெரியும். செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றுதான்.

அப்புறம் ஸ்டெப்னி மாட்ட ஒரு மெக்கானிக் வந்தார். கழற்றிய டயரைப் புரட்டி உள்பக்கம் பார்த்தவர், 'எப்ப மாத்தினீங்க?' என்று கேட்டார். நான்கு மாதம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டயரின் உள்புறச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களை விரலால் துடைத்துக் காட்டினார். 3115.

முதல் இரண்டு எண் வாரம், கடைசி இரண்டு எண் வருடம். 2015ஆம் ஆண்டின் 31ஆவது வாரம், அதாவது ஜூலை கடைசி. எனக்கு விற்கும்போதே அந்த டயருக்கு 9 வயது நெருங்கியிருந்தது. டயர் ஓடாமல் அடுக்கில் கிடந்தாலும் ரப்பர் காற்றிலும் வெப்பத்திலும் இறுகிக்கொண்டேதான் இருக்கும், அடுக்குகளின் ஒட்டு தளரும். மேல்ரப்பரின் பள்ளங்கள் ஆழமாக இருப்பதால் நமக்குப் புதிது போலத் தெரியும். பள்ளங்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள் ஓடுவதை டார்ச் அடித்துக் காட்டினார். பளபளப்பு மேலே பூசிய பாலிஷ்.

கடைக்குப் போய்க் கேட்டேன். 'காத்து கம்மியா ஓட்டியிருப்பீங்க சார், அதான்' என்றார்கள். இந்தப் பதிலுக்கு எல்லோரும் தயாராக இருங்கள். காற்று குறைவாக ஓடிய டயரின் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். உள்ளே கையை விட்டால் சுவரைச் சுற்றி வளையமாகத் தேய்ந்த தடமும் ரப்பர் தூளும் இருக்கும். என் டயரின் உள்சுவர் வழவழவென்று இருந்தது. மேல்ரப்பர்தான் வார் வாராக உரிந்திருந்தது. அன்று காலையில் கிளம்பும் முன் காற்றும் பார்த்திருந்தேன். இதைக் காட்டியதும், 'யூஸ் பண்ணாத டயர்தான், எங்களைப் பொறுத்தவரை அது புதுசுதான்' என்று பேச்சை மாற்றினார்கள். பில்லில் 'டயர் - 2' என்று மட்டும் இருந்ததால் அதற்கு மேல் என்னால் நிரூபிக்க முடியவில்லை.

எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. டி.ஓ.டி என்று தொடங்கும் நீண்ட குறியீடு இரண்டு பக்கமும் இருக்கலாம், ஆனால் தேதி எண்கள் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே போட்டு மாட்டிவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்தால்தான் தெரியும். என் இரண்டு டயரும் அப்படித்தான் மாட்டப்பட்டிருந்தன. மற்றதும் அதே 3115.

வெளிப்பக்கம் குறியீடு இருந்து, முடிவில் நான்கு எண் இல்லை என்றால் உள்பக்கம் பாருங்கள். வாங்கும்போது, ரிம்மில் ஏற்றும் முன்பே, டயர் தரையில் கிடக்கும்போதே அந்த எண்ணைப் படித்துவிடுங்கள். எல்லா டயரிலும் படியுங்கள், ஒன்று புதிதாகவும் மற்றது பழையதாகவும் தள்ளிவிடுவார்கள். எந்தப் பக்கமும் வெளியே வரலாம் என்ற வகை டயராக இருந்தால் தேதிப் பக்கத்தை வெளியே வைத்து மாட்டச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் எது என்று டயரிலேயே எழுதியிருந்தால் மட்டும் அதை மாற்றக் கூடாது.

இந்த முறை வேறு கடையில் நான்கு டயரும் மாற்றினேன். ஒவ்வொன்றின் எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொன்னேன். முதலில் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார், அப்புறம் டயரைப் பார்த்துப் பார்த்து நான்கு எண்ணையும் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.