கடனா, பங்கா: ஒரு யாழ்ப்பாண விடுதியை இரண்டு அளவுகோல்களால் அளந்தால்

வெளிநாட்டில் உழைத்த பணத்தை யாழ்ப்பாணத்தில் முதலிடும் குடும்பங்கள் அதைப் பெரும்பாலும் கடனாகவே கொண்டுவர விரும்புகின்றன. டுபாயில் குடும்பத்துக்கு ஒரு வணிகக் கம்பனி இருக்கும். நல்லூரில் விடுதி கட்ட இங்கே இன்னொரு கம்பனியைப் பதிவு செய்வார்கள். செலவு 60 கோடி ரூபா என்றால் 10 கோடிக்குப் பங்கு வாங்கிவிட்டு, மிச்சம் 50 கோடியை டுபாய்க் கம்பனி நல்லூர்க் கம்பனிக்கு 14 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுக்கும். இரண்டு கம்பனிகளுக்கும் உரிமையாளர் ஒரே குடும்பந்தான். இந்த விடுதி நான் கணக்குக்காக வைத்துக்கொண்ட உதாரணம். ஆனால் இதே அமைப்பில் உள்ள கோப்புகள் யாழ்ப்பாணக் கணக்காளர் எவரிடமும் இருக்கும்.

கடனை விரும்புவதற்குக் காரணம் எளிது. வட்டி செலவு, இலாபத்திலிருந்து கழித்த பிறகே வரி. பங்கிலாபம் செலவல்ல, வரி கட்டிய பிறகு எஞ்சுவதைப் பிரிப்பது. நல்ல ஆண்டொன்றில் விடுதி 12 கோடி உழைக்கிறது, அதில் கட்டடத்துக்கும் தளபாடத்துக்குமான தேய்வு 2 கோடி என்று வைத்துக்கொள்வோம். 60 கோடியும் பங்காகப் போடப்பட்டிருந்தால் 10 கோடிக்கு இலங்கையின் 30 சதவீதப்படி 3 கோடி வரி. கடனாக வந்திருந்தால் 7 கோடி வட்டி போய் 3 கோடிதான் இலாபம். வரி 90 இலட்சம். வரி 2 கோடி 10 இலட்சத்தால் குறைகிறது. அந்த 7 கோடிக்கு டுபாயில் கட்டவேண்டியது அதிகம் போனால் 9 சதவீதம், அதாவது 63 இலட்சம். வட்டி நாட்டைவிட்டுப் போகும்போது நிறுத்திவைக்கும் வரி இந்த ஆதாயத்தில் ஒரு பங்கைத் தின்னும், முழுவதையும் தின்னாது.

'எங்கள் காசைத்தானே எங்களுக்குக் கடன் கொடுக்கிறோம், இதில் அரசுக்கு என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. கே.கே.எஸ். வீதியில் உள்ள வங்கிக்குப் போய், 'கையில் 10 கோடி இருக்கிறது, 50 கோடி தாருங்கள்' என்று கேட்டால் முகாமையாளர் தேநீர் தந்து அனுப்பிவிடுவார். சொந்தக் காசு போதாது என்பார், ஈடு கேட்பார், தவணை அட்டவணை போடுவார். கொடுத்த காசு திரும்பி வராதோ என்ற அந்தப் பயம் வெளியார் கடனுக்கு ஓர் இயற்கையான எல்லையைப் போட்டுவிடுகிறது. உறவுக் கம்பனிக்கு அந்தப் பயமே இல்லை. விடுதி நட்டப்பட்டால் வழக்குப் போடமாட்டார்கள், தவணை தவறினால் காத்திருப்பார்கள். பங்குதாரர் செய்வதும் அதுதான். பெயர்ப்பலகை மட்டும் வேறு; அந்தப் பெயர்ப்பலகைக்குத்தான் 2 கோடி ரூபா விலை. வங்கி போட்டிருக்கக்கூடிய எல்லையைச் சட்டம் போடுவதையே மெலிந்த மூலதன விதி என்கிறோம்.

அந்த எல்லையை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் உலகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

முதலாவது, பழைய வழி: கடனை உரிமையாளர் மூலதனத்துடன் ஒப்பிடுவது. கனடா 1970களின் தொடக்கத்தில் மூன்றுக்கு ஒன்று என்று ஆரம்பித்துப் படிப்படியாக ஒன்றரைக்கு ஒன்றுவரை இறுக்கியது. இலங்கையின் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் இயற்றப்பட்டபோது இந்த வழியையே எடுத்தது. பங்கு மூலதனத்தையும் ஒதுக்கங்களையும் கூட்டி, உற்பத்திக் கம்பனியானால் 3 ஆலும் மற்றவையானால் 4 ஆலும் பெருக்கு. அந்தத் தொகைக்குள் அடங்கும் கடனின் வட்டியை மட்டும் கழி. மறுக்கப்பட்ட வட்டியை அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள், எல்லையில் இடம் இருந்தால், கழிக்கலாம். நிதி நிறுவனங்களுக்கு விலக்கு. (கோப்பைத் தயாரிக்கும்போது அந்த மதிப்பீட்டு ஆண்டுக்குரிய திருத்தங்களுடன் படியுங்கள், எங்கள் வரிச் சட்டம் சும்மா இருக்கும் சட்டமல்ல.)

இரண்டாவது, புதிய வழி: கடனையே பாராமல், வட்டியை உழைப்புடன் ஒப்பிடுவது. வட்டி, வரி, தேய்வு ஆகியவற்றைக் கழிக்குமுன் உள்ள இலாபத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் வட்டியாகக் கழிக்கக் கூடாது. ஜெர்மனி 2008இல் 30 சதவீதம் என்று வைத்தது. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 2015இல் 10 முதல் 30 சதவீதம்வரை பரிந்துரைத்தது. இந்தியா 2017இல் தன் வருமான வரிச் சட்டத்தில் 94பி பிரிவைச் சேர்த்தது. ஆஸ்திரேலியா தன் பழைய விகிதத்தைக் கைவிட்டு 2023 ஜூலையில் இதற்கு மாறியது.

நல்லூர் விடுதியை இரண்டிலும் வைத்துப் பார்ப்போம். விடுதி உற்பத்தியல்ல, எனவே பெருக்கி 4. பத்துக் கோடியின் நான்கு மடங்கு 40 கோடி. கடன் 50 கோடி என்பதால் ஐந்தில் நான்கு பங்கு வட்டி, 5.6 கோடி, கழியும். உழைப்பு அளவுகோலில் 12 கோடியின் 30 சதவீதம், 3.6 கோடிதான் கழியும். அடுத்து ஒரு கெட்ட ஆண்டு. 2022இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றபோது விருந்தினர் எங்கிருந்து வருவார்கள்? உழைப்பு 4 கோடிக்கு இறங்குகிறது. வட்டி அதே 7 கோடி.

| | மூலதன விகிதம் | உழைப்பில் 30% |
|---|---|---|
| நல்ல ஆண்டு: கழியும் வட்டி | 5.6 கோடி | 3.6 கோடி |
| நல்ல ஆண்டு: வரி | 1.32 கோடி | 1.92 கோடி |
| கெட்ட ஆண்டு: கழியும் வட்டி | 5.6 கோடி | 1.2 கோடி |
| கெட்ட ஆண்டு: வரி | இல்லை | 24 இலட்சம் |

கடைசி வரியைக் கவனியுங்கள். அந்த ஆண்டில் விடுதி உண்மையில் 5 கோடி நட்டம் கண்டிருக்கிறது. இருந்தும் புதிய அளவுகோல் 24 இலட்சம் வரி கேட்கிறது. நட்டத்துக்கு வரி என்று கேட்டால் அநியாயமாகத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மறுக்கப்பட்ட வட்டியைப் பிற்காலத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்பார்கள். ஆனால் நல்ல ஆண்டிலேயே எல்லை நிரம்பி வழியும் இந்த விடுதிக்கு அந்த வட்டியை நுழைக்க ஓர் இடமும் கிடைக்காது.

மூலதன விகிதமும் கெட்ட ஆண்டில் முற்றாகப் பாதுகாப்பல்ல. திரட்டிய நட்டத்தை ஒதுக்கங்களிலிருந்து கழிக்கும் முறையானால், 5 கோடி நட்டம் பத்துக் கோடி மூலதனத்தைப் பாதியாக்கும். எல்லை 20 கோடிக்குச் சுருங்கும். டொலர்க் கடனானால் நிலைமை இன்னும் மோசம். 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஒரு சதம்கூடப் புதிதாகக் கடன் வாங்காமல் 50 கோடிக் கடன் 90 கோடியாகிவிடும், மூலதனம் அசையாது. விகிதம் உடைவது அப்படித்தான்.

பழைய அளவுகோலின் உண்மையான குருடு வேறிடத்தில் இருக்கிறது. அது கடனின் அளவைப் பார்க்கிறது, வட்டி வீதத்தைப் பார்ப்பதில்லை. அதே கடனுக்கு டுபாய்க் கம்பனி 20 சதவீதம் வாங்கினால் வட்டி 10 கோடி, அதில் கழியக்கூடியது 8 கோடி. நல்ல ஆண்டின் வரி 1.32 கோடியிலிருந்து 60 இலட்சத்துக்கு இறங்கும். உழைப்பு அளவுகோல் இதற்கு மசியாது. வீதம் எதுவானாலும் 3.6 கோடிதான். ஆகவே விகித முறை உள்ள நாடுகள் பெரும்பாலும் பக்கத்தில் இன்னொரு விதியையும் வைத்திருக்கின்றன: தொடர்பில்லாத இருவர் ஒப்புக்கொண்டிருக்கக்கூடிய வீதத்துக்கு மேல் வாங்கினால் மேலதிகத்தை ஏற்கமாட்டோம். இந்த விதியின் பலம் ஆஸ்திரேலியாவில் செவ்ரோன் என்ற எண்ணெய்க் குழுமத்தின் வழக்கில் தெரிந்தது. அமெரிக்காவில் அமைத்த துணைக் கம்பனி ஏறத்தாழ 1.2 சதவீதத்துக்கு டொலரில் கடன் திரட்டி, ஆஸ்திரேலியத் தாய்க் கம்பனிக்கு உள்நாட்டு நாணயத்தில் ஏறத்தாழ 9 சதவீதத்துக்குக் கொடுத்தது. 2017 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு வரி அலுவலகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் இது வழக்காடி வெல்லவேண்டிய விதி. ஒப்பிட வேறு கடன் தேடவேண்டும், நிபுணர் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். உழைப்பு அளவுகோலை நாடுகள் விரும்பத் தொடங்கியதற்கு இந்தச் சோம்பலும் ஒரு காரணம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஐரோப்பாவுக்கு வேறொரு காரணமும் இருந்தது. ஜெர்மனியின் பழைய மூன்றுக்கு ஒன்று விதி நடைமுறையில் வெளிநாட்டுப் பங்குதாரரின் கடனையே தாக்கியது. நெதர்லாந்துக் குழுமம் ஒன்றின் ஜெர்மன் கம்பனி தொடுத்த லாங்க்ஹோர்ஸ்ட்-ஹோஹோர்ஸ்ட் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2002 டிசம்பரில் அது பாகுபாடு என்று தள்ளிவிட்டது. உள்ளூர், வெளியூர் என்று பிரிக்காத அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது.

புதிய வழியை மெச்சுவோர் அதன் கூடவே வரும் விலக்கைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 30 இலட்சம் யூரோவரையான தேறிய வட்டியைத் தொடாமல் விடலாம். பிரித்தானியா 20 இலட்சம் பவுணுக்குக் கீழ்ப்பட்டதைத் தொடுவதில்லை. நல்லூரின் 7 கோடி ரூபா வட்டி இரண்டுக்கும் வெகு கீழே. அதாவது இதே விடுதி லண்டனில் இருந்திருந்தால் அந்த விதியின் கண்ணிலேயே பட்டிருக்காது. இந்தியாவின் எல்லை ஒரு கோடி இந்திய ரூபா, எங்கள் காசில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி, அங்கே மாட்டிக்கொள்ளும். விலக்கில்லாமல் சதவீதத்தை மட்டும் இறக்குமதி செய்தால் அடிபடுவது சின்ன விடுதிகள்தான்.

வங்கியை நடுவில் நிறுத்தித் தப்பலாமா? டுபாய்க் கம்பனி ஒரு வங்கியில் 50 கோடியை வைப்பிலிட்டு, அதே வங்கி நல்லூருக்குக் கடன் கொடுத்தால் கடன்காரர் வெளியார் ஆகிவிடுகிறார் அல்லவா? இந்தியாவின் 94பி இதை முன்கூட்டியே அடைத்துவிட்டது: உறவுக் கம்பனி பிணை நின்றாலோ ஈடான பணத்தை வைப்பிலிட்டாலோ அது உறவுக் கடனாகவே கொள்ளப்படும்.

நல்லூர்க் குடும்பத்துக்கு நான் விகித முறையையே தேர்ந்துகொள்வேன். அதில் முன்கூட்டியே பரிகாரம் செய்யலாம். 50 கோடிக் கடனில் 2 கோடியை மார்ச் 31க்கு முன் பங்காக மாற்றினால் மூலதனம் 12, கடன் 48. சரியாக நான்கு மடங்கு, 6.72 கோடி வட்டி முழுவதும் கழியும். உழைப்பு அளவுகோலில் அதே விளைவுக்குக் கடனை 26 கோடிக்குக் கீழே இறக்கவேண்டும், அதுவும் நல்ல ஆண்டுக்கு மட்டும். ஆனால் 14 சதவீதத்துக்கு ஆதாரம் வேண்டும்: கடன் கொடுத்த காலத்தில் உள்ளூர் வங்கி ஒன்று இதே தவணைக்கு எழுதித் தந்த வட்டி வீதக் கடிதம், திகதியிட்ட கடன் ஒப்பந்தம், வட்டி உண்மையில் கைமாறியதைக் காட்டும் வங்கிக் கூற்று. திணைக்கள அலுவலர் முதலில் கேட்பது இந்தக் கடைசித் தாளைத்தான்.