சிலாப்புக்கு மருந்து, கல் படிக்கு மண்வெட்டி: பாசியோடு சில வருட அனுபவம்

பாசியைப் போக்கக் குளோரின் நல்லதா, பென்சல்கோனியம் குளோரைட் நல்லதா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். இரண்டையும் வருடக்கணக்கில் பாவித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கொங்கிரீட் சிலாப்புக்கு இரண்டாவது. கல் படிக்கு முதலில் மண்வெட்டி, மருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீடு ஹட்டன் பக்கம், ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் ஏறக்குறைய இருபது அடிக்குப் பதினைந்து அடியில் திறந்த சிலாப். ரோட்டிலிருந்து அதற்கு இறங்குவதற்குக் கருங்கல் படி, அதற்குப் பக்கத்தில் மண்மேடு, மேட்டில் ஒரு பட்டர்பழ மரம். மே மாதம் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் ஈரம் காய்வதில்லை. பச்சைப் பாசி கொழகொழவென்று ஏறும். அதன்மேல் மெத்தைப் பாசி பிடிக்கும்.

முதலில் குளோரின். கிணறு, டேங்க் சுத்தம் செய்கிற வெள்ளைத் தூளைத்தான் இங்கே எல்லோரும் வாங்குவார்கள். புதுத் தூள் என்றால் லீற்றருக்கு முப்பத்தைந்து கிராம் அளவில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் இறங்கும்வரை வைத்து, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். கலங்கலோடு ஊற்றினால் தரையெல்லாம் வெள்ளை படியும். ஊற்றிக் கால் மணித்தியாலம் விட்டு, தும்புத்தடியால் தேய்த்துக் கழுவினால் சிலாப் பளிச்சென்று ஆகிவிடும். அந்தப் பளிச்சைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறோம். குளோரின் பட்ட இடத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும், தரையில் தங்காது. கொங்கிரீட்டின் நுண்துளைக்குள் தப்பிய பாசி, ஈரம் வந்ததும் மறுபடி கிளம்பும். மே மாதத்துக்கு முன் கழுவினால் ஜூலை ஓகஸ்டில் மறுபடி பச்சை. இன்னொன்று, மலைநாட்டு ஈரக் காற்றில் திறந்து வைத்த தூள் கட்டிபட்டு வீரியம் குறைந்துவிடும். மணம் மட்டும் இருக்கும், பாசி அசையாது. கழிவறை கழுவும் அசிட்டை அதோடு சேர்த்தால் வேகமாக வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும்.

பென்சல்கோனியம் குளோரைட் கோழிப்பண்ணை, இறால் பண்ணைத் தொற்றுநீக்கியாக விற்பது. போத்தலில் ஐம்பது வீதம் என்று போட்டிருப்பதை லீற்றர் தண்ணீருக்கு முப்பது மில்லிலீற்றர் கணக்கில் கலக்கிறேன். எங்கள் சிலாப்புக்கு எட்டு லீற்றர் தண்ணீர், இருநூற்று நாற்பது மில்லி மருந்து. தோளில் மாட்டும் மருந்து டேங்கில் பாதி. கலக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கலக்காத மருந்து தோலையும் கண்ணையும் எரித்துவிடும்.

இதில் முறை முற்றிலும் வேறு. மெத்தைப் பாசியை முதலில் சுரண்டி எடுத்து, குப்பையைப் பெருக்கி, தரையை ஓரளவு காய விட வேண்டும். சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவியிருந்தால் நல்ல தண்ணீரால் நன்றாக அலச வேண்டும், ஏனென்றால் சவர்க்காரம் இந்த மருந்தை முறித்துவிடும். பிறகு தரை நனையும் அளவுக்கு அடித்துவிட்டு அப்படியே விட வேண்டும். கழுவக் கூடாது. குறைந்தது ஒரு நாளாவது மழை படக் கூடாது. அதனால் எங்கள் பக்கத்துக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் தோதான காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ் மழை வேறு கணக்கில் வரும், அங்கே உள்ளவர்கள் தங்கள் வெயிலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடித்த அன்றைக்கு ஒன்றும் நடக்காது. “காசு தண்டம்” என்று அம்மாயி சொன்னார். ஒரு வாரத்தில் பச்சை மங்கி மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது. மேலே பழுப்பு, அடியில் பச்சை என்றால் அந்த இடத்துக்கு இன்னொரு முறை அடிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் கவனம் தேவை. செத்த பாசியும் வழுக்கும், முதல் மழைக்கு முன்னைவிட மோசமாகவும் இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தேய்த்துவிட்டால் சரி. இப்படி அடித்த சிலாப்பில் அந்த மழைக்காலம் முழுக்கக் கால் ஊன்றி நடக்கலாம். அடுத்த ஜனவரியில் மூலைகளில் மட்டும் மெல்லிய பச்சை தெரியும். வருடத்துக்கு ஒரு தரம் போதும்.

பக்கத்து வீட்டு மச்சான் ஆளைப் பிடித்து உயர் அழுத்தத் தண்ணீர் மெஷினால் அடித்தார். அன்றைக்கு என் சிலாப்பைவிட அழகாக இருந்தது. ஆனால் மேலே இருந்த சீமெந்துப் பூச்சு அரித்துப் போய், கையால் தடவினால் மணல் உதிரும் நிலை. சொரசொரப்பு கூடியதும் பாசிக்குப் பிடிமானமும் கூடிவிட்டது. அசிட் ஊற்றினாலும் இதே கதைதான்.

இனி கல் படி. அங்கே குளோரினும் நிற்கவில்லை, மற்றதும் நிற்கவில்லை. காரணம் எளிது. மழை விட்டு மூன்று நாள் வெயில் காய்ந்தும் நடுப்படிகளின் இடுக்கு ஈரமாகவே இருந்தது. சாக்குத் துண்டால் ஒற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் இடுக்கிலிருந்து மெல்லிய வரியாகத் தண்ணீர் மறுபடி கசிந்து முகப்பில் இறங்கும். மழைத் தண்ணீர் அல்ல, மேட்டு மண்ணுக்குள் தேங்கியது. மருந்து ஒட்டிக்கொள்ள அங்கே காய்ந்த கல்லே கிடையாது.

எனவே படிக்கு மேற்பக்கம், மேட்டின் அடியோடு ஒரு கான் வெட்டினோம். ஒரு அடி ஆழம், சாய்வாக, கடைசியில் சரிவில் கீழே போய் விழும்படி. உள்ளே உடைகல்லைப் போட்டோம். இடுக்குகளில் இருந்த மண்ணையும் பாசியையும் கம்பியால் கிண்டி எடுத்து, சீமெந்துக் கலவையால் அடைத்தோம். ஆனால் படியின் மேட்டுப் பக்க இடுக்கைக் கீழே திறந்தே விட்டோம். எல்லாவற்றையும் அடைத்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் கல்லையே தள்ளிவிடும். பட்டர்பழ மரத்தின் தாழ்ந்த கிளைகளையும் வெட்டினோம். அந்த வருடம்தான் மருந்து அடித்துப் பலன் தெரிந்தது.

கல் தேய்ந்து வழவழப்பாக இருந்ததால் பாசி போன பிறகும் வழுக்கல் முழுதாகப் போகவில்லை. கல் உடைப்பவர் ஒருவர் உளியால் ஒவ்வொரு படியின் முன்விளிம்பிலும் குறுக்காக மூன்று நான்கு கோடு கொத்தித் தந்தார், விரல் நகம் உள்ளே போகிற ஆழம். மருந்தைவிட இந்தக் கோடுகள்தான் காலைக் காப்பாற்றுகின்றன என்பது என் எண்ணம். கோட்டுக்குள் மண் அடைத்தால் கம்பி பிரஷ்ஷால் ஓர் இழுப்பு.

பென்சல்கோனியம் மீனுக்கும் தவளைக்கும் விஷம். படியின் கடைசிப் பகுதி பீலிக்குப் போகிற ஊற்றை ஒட்டி இருப்பதால் அங்கே நான் எதையும் அடிப்பதில்லை, சுரண்டியும் பிரஷ்ஷும் மட்டும்தான். சிலாப்பிலிருந்து மழைத் தண்ணீர் பெரலுக்கு இறங்கும் குழாயையும் அடிக்கும் முன் கழற்றிவிட்டு, நல்ல மழை இரண்டு மூன்று பெய்து அலசிய பிறகே பூட்டுகிறேன். கீழே உள்ள கடைசி மூன்று படிகளில் இன்னும் பாசி வரத்தான் செய்கிறது. மழைக்காலத்தில் மாதம் ஒரு தரமாவது பிரஷ் போட வேண்டியிருக்கிறது.