எரர் ஜீரோ என்று காட்டுவார்கள், இணைப்பு ஒன்றுகூட இருக்காது

காரைக்குடிப் பக்கம் மின்னூலை மொழிபெயர்த்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் அப்பத்தாவின் சமையல் குறிப்புகளைத் தமிழில் EPUB கோப்பாக வைத்திருந்தோம். மலேசியாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தோம்.

அந்த நூலில் பொடி வகைகளுக்குத் தனி அத்தியாயம். எந்தக் குழம்பில் பொடியின் பெயர் வந்தாலும் அதைத் தொட்டால் நேரே அங்கே போய்விடும். கோப்புக்குள் அது இப்படி இருக்கும்:

```html
<a href="podi.xhtml#kuzhambu">குழம்புப் பொடி</a>
```

மொழிபெயர்ப்பவர் மாற்ற வேண்டியது நடுவில் உள்ள தமிழை மட்டும்தான். href-இல் உள்ளதும், podi.xhtml-க்குள் அது போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் id="kuzhambu" என்பதும் அப்படியே நிற்க வேண்டும். இவரோ எழுத்தை மட்டும் வேர்டில் ஒட்டி, மொழிபெயர்த்து, அதைத் திரும்ப EPUB ஆக்கியிருக்கிறார். இணைப்பு மொத்தமும் போச்சு. தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் வைக்காமல் வெறுமனே பெரிய எழுத்தாக்கியதால், படிக்கும் செயலியின் உள்ளடக்கப் பட்டியலில் நூலின் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. அதை மறைக்க முதல் பக்கத்தில் பக்க எண்ணோடு ஒரு பட்டியலைக் கையால் தட்டிவைத்திருக்கிறார். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே மாறும் நூலில் பக்க எண்ணை வைத்து என்ன செய்ய?

கேட்டதற்கு, "அண்ணே, EPUBCheck போட்டுப் பார்த்தாச்சு, எரர் ஜீரோ" என்று அறிக்கையை அனுப்பினார். EPUBCheck என்பது மின்னூல் கோப்பில் பிழை தேடும் கருவி. அறிக்கை பொய்யில்லை, அதுதான் வேடிக்கை. ஓர் இணைப்பு போய்ச் சேரும் இடம் இல்லாவிட்டால் அந்தச் சோதனை RSC-012 என்று பிழை காட்டும். இணைப்பையே எடுத்துவிட்டால் காட்ட என்ன இருக்கிறது? பட்டியலில் ஒரே வரி இருந்தாலும் அதற்குச் சம்மதம்தான்.

அதனால் மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இரண்டு கோப்புகளையும் நகலெடுத்து, .epub என்பதை .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள். அத்தியாயக் கோப்புகளின் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுடையதில் அத்தியாயத்துக்கு ஒன்றாக இருந்தவை எல்லாம் ஒரே கோப்பாகிக் கிடந்தன. அப்புறம் href= என்று தேடி இரண்டிலும் எத்தனை வருகிறது என்று ஒப்பிடுங்கள். உள்ளடக்கப் பட்டியல் இருக்கும் nav.xhtml, பழைய கருவிகளுக்கான toc.ncx இரண்டும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பலர் அத்தியாயத்தை முடித்துவிட்டு இவற்றை மறந்துவிடுவார்கள், பட்டியல் மட்டும் தமிழிலேயே நிற்கும். content.opf-இல் dc:language en என்று மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் உரக்க வாசிக்கும் வசதி ஆங்கிலத்தைத் தமிழ்க்குரலில் படிக்கப் பார்க்கும்.

மாதிரி கேட்டால் ஓர் அத்தியாயத்தை பிடிஎஃப்பாக அனுப்புவார்கள், அழகாகத்தான் இருக்கும். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றையொன்று சுட்டும் இரண்டு அத்தியாயங்களை EPUB ஆகவே கேளுங்கள். எங்களுக்கு இப்போது செய்கிற பெண் பொடி அத்தியாயத்தையும் கோழிக்குழம்பையும் அப்படித்தான் முதலில் அனுப்பினார். தொட்டதும் சரியாகப் போனது. முன்பணம் வாங்கியவர் இன்னும் போனை எடுக்கவில்லை.